"இலைகள் வாடி இருந்தது": பெரியவரான பிறகு தமிழ் எழுதக் கற்கும் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

செடிகளைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பிய பத்தி கிடைத்தது. அதோடு எழுதியிருந்த வரிகளையும் படித்தேன். வீட்டில் தமிழ் பேசியே வளர்ந்தவர் நீங்கள். பள்ளியில் வேறு மொழியில் படித்ததால், இப்போதுதான் தமிழில் எழுதிப் பழகுகிறீர்கள். "ஆறு மாதமாக ஒரே தப்பைச் செய்கிறேன். யாராவது திருத்திக் கொடுத்தால் உடனே புரிகிறது. அடுத்த முறை எழுதினால் திரும்ப வந்துவிடுகிறது. இந்த வயதில் இனி வராதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குக் காரணம் உங்கள் வயது இல்லை. இந்தத் தப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் தெரியாமல் திருத்திக்கொண்டே இருந்தால் இன்னும் ஆறு மாதம் ஆனாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் உங்கள் பத்தியையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"நேற்று மாடியில் வைத்திருந்த செடிகளை பார்த்தேன். இலைகள் வாடி இருந்தது. ஒவ்வொரு தொட்டிகளிலும் மண் காய்ந்து கிடந்தது. மூன்று தொட்டிகள் உடைந்துவிட்டது. அவைகளை மாற்ற வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். பழைய தொட்டிகள் கீழே நிறைய இருக்கிறது என்று அவன் சொன்னான்."

ஆறு வாக்கியம், ஆறு பிழை. வாக்கியத்துக்கு ஒன்று என்று நினைத்து நீங்கள் சோர்ந்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். "செடிகளை பார்த்தேன்" என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, "செடிகளைப்" என்று வர வேண்டும். அது தனிக் கதை. மீதி ஐந்தும் ஒரே குடும்பம், ஒருமை பன்மைக் குழப்பம். அதிலும் மூன்று ஒரே பிழைதான்: இலைகள் இருந்தது, தொட்டிகள் உடைந்துவிட்டது, தொட்டிகள் இருக்கிறது. அஃறிணைப் பெயர் பன்மையில் நிற்கிறது, வினை ஒருமையில் முடிகிறது. இருந்தன, உடைந்துவிட்டன, இருக்கின்றன என்று முடிந்திருக்க வேண்டும். ஆக, உங்களிடம் ஆறு நோய் இல்லை. ஒன்றரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்று ஏன் போகவே மாட்டேன் என்கிறது?

இதே செய்தியைத் தம்பியிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "மூணு தொட்டி ஒடஞ்சிருச்சு." ஒரு தொட்டி உடைந்திருந்தாலும் "ஒடஞ்சிருச்சு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். பேச்சில் ஆட்களுக்குப் பன்மை வினை உண்டு: வந்தான், வந்தாங்க. பொருளுக்கும் விலங்குக்கும் அது இல்லை. ஒரு மாடு வந்தாலும் பத்து மாடு வந்தாலும் வந்துச்சுதான். அதாவது, சிறு வயதிலிருந்து உங்கள் காதில் பதிந்த தமிழில் "வந்தன" என்ற உருவமே கிடையாது. எழுதும்போது நீங்கள் செய்வது "ஒடஞ்சிருச்சு" என்பதை "உடைந்துவிட்டது" என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது. அந்த மாற்றம் சரியாகவே நடக்கிறது. ஆனால் எழுத்துத் தமிழ் இந்த இடத்தில் இரண்டு உருவம் கேட்கிறது, பேச்சு ஒன்றைத்தான் கொடுக்கிறது. எழுதி முடித்துவிட்டு வாய்விட்டுப் படித்தாலும் காது "சரி" என்றே சொல்லும். அதன் கணக்கில் அது சரிதான். "காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதை எழுது" என்ற அறிவுரை மற்ற இடங்களில் உதவும். இந்த ஒரு இடத்தில் அதை நம்பக் கூடாது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. "மூன்று தொட்டிகள் உடைந்துவிட்டது" என்று எழுதினால் யாருக்காவது புரியாமல் போகிறதா? இல்லை. "மூன்று" ஏற்கெனவே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டது, "கள்" இன்னொரு முறை சொல்லிவிட்டது. வினை மூன்றாவது தடவையாகச் சொல்ல வேண்டும். மனித மனம் பொருளைத்தான் முதலில் தேடும். பொருள் கிடைத்துவிட்டால், அதையே திரும்பச் சொல்லும் விகுதியைக் கவனிக்காமல் தாண்டிவிடும். எழுதும்போதும் அப்படி, படிக்கும்போதும் அப்படி. நீங்கள் இதுவரை "வந்தன", "இருந்தன" என்று ஆயிரக்கணக்கான தடவை படித்திருப்பீர்கள். கண் அதைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும், மனம் அங்கே நின்றிருக்காது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. மொழியியலில் ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் 1983ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்த ஓர் ஓவியர், ஆய்வில் அவருக்கு வைத்த பெயர் வெஸ். மூன்று ஆண்டுகள் கவனித்ததில் வெஸ் ஆங்கிலத்தில் தாராளமாகப் பழகினார், பேசினார், நட்பு வளர்த்தார். ஆனால் பன்மை விகுதி, இறந்தகால விகுதி போன்றவை கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே நின்றன. புழக்கத்துக்குக் குறை இல்லை, ஆர்வத்துக்கும் குறை இல்லை. சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததால் அந்தச் சின்ன விகுதிகளில் கவனம் விழவே இல்லை. வெஸ்ஸுக்கு அது அந்நிய மொழி, உங்களுக்கு இது தாய்மொழியின் எழுத்து நடை. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பிழை உறைந்துபோகும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். இன்னும் நிறையப் படித்தால் தானாகச் சரியாகிவிடும் என்று உங்களிடம் நான் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது, உங்கள் பிழை திருத்தப்படும் விதம். யாரோ "இருந்தது" என்பதை அடித்துவிட்டு மேலே "இருந்தன" என்று எழுதித் தருகிறார்கள். நீங்கள் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள். அந்தச் சொல்லை மனத்துக்குள்ளிருந்து தேடி எடுக்கும் வேலையைத் திருத்தியவர் செய்துவிட்டார். உங்களுக்கு மிச்சம் இருப்பது பார்ப்பது மட்டும்தான். பார்த்தது நிற்காது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அறிந்த பிறகு பலருக்கு இந்த விகுதி மேல் மரியாதை வந்துவிடுகிறது. "இவ்வளவு தடவை பன்மையைச் சொல்வது வீண்தானே" என்று தோன்றலாம். வீண் இல்லை. பழைய தமிழில் அஃறிணைப் பெயருக்குக் "கள்" கட்டாயம் இல்லை. "மாடு மேய்ந்தது" என்றால் ஒன்று, "மாடு மேய்ந்தன" என்றால் பல. பெயர் அப்படியே நிற்கும், எண்ணிக்கையை வினைதான் சொல்லும். இப்படிப்பட்ட பெயர்களை நன்னூல் "பால்பகா அஃறிணைப் பெயர்" என்று தனியாகப் பெயரிட்டே சொல்கிறது. அதாவது நீங்கள் விட்டுவிடும் அந்த "ன" ஒட்டு அலங்காரம் இல்லை, ஒரு காலத்தில் முழுச் சுமையையும் அதுதான் தூக்கியது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் வாரம் எதையும் புதிதாக எழுத வேண்டாம். பழைய பத்திகளில் ஒரு பக்கத்தை எடுங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு வாக்கியமாகப் போங்கள். தலைகீழாகப் போகச் சொல்வது, கதை உங்களை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிக்கும் வினையை மட்டும் வட்டமிடுங்கள். நடுவில் வரும் "வாடி", "காய்ந்து", "வைத்திருந்த" எதையும் தொட வேண்டாம், அவற்றுக்கு ஒருமை பன்மை கிடையாது. ஒரு வாக்கியத்துக்குள் "என்று" வந்தால் அதற்கு முன்னால் இருக்கும் வினைக்கும் வட்டம் உண்டு. உங்கள் கடைசி வாக்கியத்தில் "இருக்கிறது என்று அவன் சொன்னான்" என்பதில் நீங்கள் "சொன்னான்" மட்டும் பார்த்திருப்பீர்கள். பிழை "என்று"க்கு முன்னால் ஒளிந்திருக்கிறது.

வட்டமிட்ட வினை "து" என்று முடிந்தால் அதைப் பார்த்து "எது?" என்று கேளுங்கள். எது வாடியிருந்தது? இலைகள். விடையில் ஒன்றுக்கு மேல் இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திருத்த வேண்டாம், புள்ளி போதும். இந்த வாரம் கண்ணைப் பழக்குவதற்கு மட்டும்தான்.

கணினியில் எழுதுகிறவர் என்றால் தேடும் வசதியைப் பயன்படுத்தலாம். "தது", "டது", "றது", "யது", "னது", "ளது" என்று ஆறு தடவை தேடினால் ஏறக்குறைய எல்லா ஒருமை முடிவும் அகப்பட்டுவிடும். "எனது", "உனது" போன்றவையும் கூடவே வரும், தாண்டிவிடுங்கள். எழுத்துப் பிழை காட்டும் மென்பொருளை இதற்கு நம்ப வேண்டாம். "இருந்தது" தன்னளவில் சரியான சொல், அதன் கீழே சிவப்புக் கோடு விழாது.

இரண்டாவது வாரம் உருவங்களைக் கையில் ஏற்றுவது. நீங்கள் அடிக்கடி எழுதும் பத்து வினைகளை எடுத்து ஜோடி போடுங்கள். பெரும்பாலும் கடைசி "து" போய் "ன" வந்தால் போதும்: விழுந்தது, விழுந்தன, பூத்தது, பூத்தன, கெட்டது, கெட்டன, நின்றது, நின்றன, உள்ளது, உள்ளன. மூன்று இடங்களில் மட்டும் கால் இடறும். நிகழ்காலத்தில் "வருகிறது" என்பதற்குப் பன்மை "வருகிறன" இல்லை, "வருகின்றன". அந்த "ன்" எங்கிருந்தோ வந்து நிற்பதுபோல் தோன்றும், ஆனால் பன்மையில் அது இல்லாமல் உருவமே இல்லை. அடுத்து "ஓடியது, பேசியது, தொங்கியது" வகை. இவை "ஓடின, பேசின, தொங்கின" என்று ஆகும், "ஓடியன" என்று எழுதிவிடாதீர்கள். கடைசியாக "போனது, ஆனது". இவற்றுக்குப் "போயின, ஆயின".

ஜோடிகளை மனப்பாடம் செய்வதைவிட வாக்கியத்தை மாற்றிப் பழகுவது நல்லது. ஒருமையில் ஐந்து வாக்கியம் எழுதுங்கள்: "இலை உதிர்ந்தது. கிளை ஆடுகிறது. வேர் அழுகிப் போனது." மூடி வைத்துவிட்டு, பார்க்காமல் பன்மையில் எழுதுங்கள்: "இலைகள் உதிர்ந்தன. கிளைகள் ஆடுகின்றன. வேர்கள் அழுகிப் போயின." அதே ஐந்தை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இடைவெளி விடுவதில்தான் பயன் இருக்கிறது. பாதி மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். "ன" பழகியவுடன் அது தேவையில்லாத இடத்திலும் வந்து உட்காரும். உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் "மண் காய்ந்து கிடந்தது" என்று சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அதையே "தொட்டிகளில் மண் காய்ந்து கிடந்தன" என்று எழுதிவிடக்கூடும். பக்கத்தில் இருக்கும் "தொட்டிகள்" இழுக்கும். "செடிகளின் நிறம் மாறின" என்பதும் இப்படித்தான் வரும். மாறியது நிறம், அது ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் அதே கேள்வி: எது கிடந்தது? மண். எது மாறியது? நிறம். "செடிகளில் ஒன்று வாடியது" என்பதும் ஒருமைதான். "செடியும் கொடியும் வாடின" என்பதில் எந்த இடத்திலும் "கள்" இல்லை, ஆனாலும் பன்மை. ஆகவே "கள்" வந்தால் "ன" போடு என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த நான்கு இடத்திலும் ஏமாற்றும். அதே விதியால் "மாணவர்கள் வந்தன" என்றும் எழுதிவிடுவீர்கள். ஆட்கள் என்றால் வந்தார்கள் அல்லது வந்தனர்.

தொடவே கூடாத ஓர் இடமும் உண்டு. "தொட்டிகள் உடைந்தது எனக்கு நேற்றுதான் தெரிந்தது." இதில் "உடைந்தது" பிழை இல்லை. இங்கே அது முடிக்கும் வினை அல்ல, உடைந்த நிகழ்ச்சிக்குப் பெயர். "உடைந்த விஷயம்" என்று மாற்றிப் பாருங்கள்: "தொட்டிகள் உடைந்த விஷயம் எனக்கு நேற்றுதான் தெரிந்தது." பொருந்துகிறது என்றால் விட்டுவிடுங்கள். நன்றாக எழுதுகிறவர்கள்கூட இதைத் திருத்துகிறேன் என்று கெடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்காலத்திலும் "இல்லை" சேர்ந்த எதிர்மறையிலும் உங்களுக்கு வேலையே இல்லை. "இலை உதிரும், இலைகள் உதிரும்". "இலை வாடவில்லை, இலைகள் வாடவில்லை". வேண்டும், போதும், உண்டு, இல்லை எல்லாம் இரண்டுக்கும் பொது. இதைச் சொல்வது ஏனென்றால், இந்தப் பிழை எங்கும் பரவிக் கிடக்கிறது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அது இறந்தகாலம், நிகழ்காலம், "உள்ளது" போன்ற சில சொற்கள், அவ்வளவு சின்ன இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து புதிதாக எழுதுங்கள். வேகமாக, நிறுத்தாமல், பிழையைப் பற்றி நினைக்காமல் ஒரு பத்தி. எழுதும்போதே விகுதியைக் காவல் காத்தால் சொல்ல வந்தது நின்றுவிடும். முடித்த பிறகு, முடிந்தால் மறுநாள், தலைகீழாகப் போய் வட்டமிட்டுத் திருத்துங்கள். பார்த்துத் தரும் நண்பரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: சொல்லை அடித்து எழுத வேண்டாம், பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடட்டும், அதுவும் இந்த ஒரு வகைக்கு மட்டும். ஒற்றுப் பிழை கண்ணில் பட்டாலும் இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். தேடிக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பிழைகளை எண்ணாதீர்கள், நீளமாக எழுதினால் பிழையும் கூடத்தான் செய்யும். பன்மை வினை தேவைப்பட்ட இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். செடிகள் பத்தியில் மூன்று இடம், சரியானது பூஜ்யம். இனி ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு கணக்கு வையுங்கள்: திருத்துவதற்கு முன் எத்தனை சரி, நீங்களே திருத்திய பின் எத்தனை சரி. தேவையில்லாமல் போட்ட "ன"வைத் தனியாக எழுதிவையுங்கள். முதலில் இரண்டாவது எண்தான் ஏறும். முதல் எண் பல வாரம் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துத் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். விதி உங்களிடம் வந்துவிட்டது, கைக்கு இன்னும் இறங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். வாக்கியம் நீளும்போதும் களைப்பாக எழுதும்போதும் பழைய "து" திரும்ப வரும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஏழெட்டுச் சொல் வந்துவிட்டால் தேர்ந்தவர்களுக்கும் இது நடக்கும். அப்படிப்பட்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுவது நல்ல வழி.

மீதி இரண்டு பிழைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ஒவ்வொரு தொட்டிகளிலும்" என்று எழுதியபோது உங்கள் மனக்கண்ணில் நிறையத் தொட்டிகள் இருந்தன, அதனால் "கள்" வந்தது. ஆனால் "ஒவ்வொரு" என்பதற்குள் "ஒரு" இருக்கிறது, அது ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும்: ஒவ்வொரு தொட்டியிலும். "தொட்டிகள் எல்லாவற்றிலும்" என்று எழுதினால் பன்மை நிற்கும். "அவைகள்" என்பது பேச்சில் வரும் "அதுங்க"வின் நிழல். "அவை" என்றாலே பல, மேலே "கள்" வேண்டாம். வேற்றுமை உருபு சேரும்போது அவற்றை, அவற்றுக்கு, அவற்றில் என்று ஆகும்.

உரையாடலை எழுதும்போது இதில் எதுவும் பொருந்தாது. தம்பி பேசுவதை அப்படியே எழுதினால் "நெறைய இருக்கு" என்றுதான் இருக்க வேண்டும், அங்கே "இருக்கின்றன" போட்டால் ஆள் மாறிவிடுவான்.

ஒற்றுக்கு வருவது பிறகு. இந்தக் கணக்கில், திருத்திய பின் உள்ள எண் தொடர்ந்து மூன்று பத்திகளில் முழுதாக வந்தால் அப்போது தொடங்கலாம். ஐ என்ற உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற ஒன்றே ஒன்றில் தொடங்குவோம், "செடிகளைப் பார்த்தேன்" அதில் அடங்கும்.

இப்போதைக்கு அந்தப் பத்தியை நீங்கள் திருத்த வேண்டாம். முடிக்கும் வினைகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் "எது" என்ற கேள்விக்கு வந்த விடையை எழுதி அனுப்புங்கள். "பார்த்தேன்", "சொன்னேன்", "சொன்னான்" மூன்றுக்கும் விடை ஆளாக இருக்கும், அவற்றை அப்படியே விடலாம். "என்று"க்கு முன்னால் வரும் "வேண்டும்" ஒருமைக்கும் பன்மைக்கும் பொது, அதையும் விட்டுவிடலாம். மற்ற நான்கு வட்டங்களுக்கு என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பர்